குறை மனத்திலா, மூட்டையிலா?

ஒரு நிறுவனம் தன் பணிமுறையைப் பெரிய அளவில் மாற்ற முற்படும்போது ஊழியர்கள் தயங்கினாலோ முணுமுணுத்தாலோ, அந்தத் தயக்கத்தின் வேர் அவர்கள் மனத்தில் இருக்கிறது என்றும், மனத்தைப் படிப்படியாகப் பக்குவப்படுத்தினால் மாற்றம் தானே நிலைபெறும் என்றும் மேலாண்மைத் துறையில் ஒரு கருத்து வேரூன்றியுள்ளது. அதற்கு வாய்ப்பாடாகப் பெரிதும் எடுத்தாளப்படுவது, அமெரிக்கரான ஜெஃப் ஹையட் வகுத்து, 2006ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்ட ஐந்து படிகளாகும். மாற்றம் ஏன் வேண்டும் என்று அறிவது விழிப்புணர்வு. அதில் பங்குகொள்ள மனம் இசைவது விருப்பம். எப்படிச் செய்வது என்று கற்பது அறிவு. கற்றதை அன்றாட வேலையில் செய்துகாட்ட இயல்வது திறன். செய்தது பழைய வழிக்குத் திரும்பிவிடாமல் காப்பது வலுவூட்டல். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டி இதனை 'ஆட்கார்' என்பர். ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு படியிலும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு, 3 அல்லது அதற்குக் கீழே விழும் முதல் படியைத் தடைப்படி என்று கண்டு, அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்பது இதன் நடைமுறை விதி.

இந்தக் கருத்தின் கவர்ச்சி எளிதில் விளங்கக்கூடியது. மாற்றத்தை ஆணையிடுபவர் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆணைக்கு உட்பட்டவர் மட்டும் ஐந்து படி ஏறினால் போதும். தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் கடந்த பத்தாண்டுகளுக்குள் அடுத்தடுத்து நிகழ்ந்த மாற்றங்களை, குறிப்பாக உத்தரகோசமங்கை போன்ற இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களின் நிலையிலிருந்து நோக்கினால், அந்தக் கவர்ச்சி எவ்வளவு தவறான இடத்திற்குக் கொண்டுசெல்கிறது என்பது தெளிவாகும். இக்கடைகளுக்கான எந்த அரசாணையிலும் 'ஆட்கார்' என்ற பெயர் இருந்தாக வேண்டியதில்லை. சுற்றறிக்கை, பயிற்சி வகுப்பு, எச்சரிக்கை, அபராதம் என்று நீளும் வரிசையும், பிறகு எழும் 'ஊழியர்கள் ஒத்துழைக்க மறுக்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டும் அதே சிந்தனையின் உள்ளூர் வடிவமே.

முதலில் மாற்றங்களின் வரிசை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொது விநியோகத்தை முழுமையாகக் கணினிமயமாக்க வேண்டும் என்று கூறியது. தமிழ்நாடு அச்சட்டத்தை 2016 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தாள் அட்டைக்கு மாற்றாக ஸ்மார்ட் கார்டு 2017 ஏப்ரலில் வழங்கத் தொடங்கியபோது, கடைகளில் பி.ஓ.எஸ். என்று அனைவராலும் அழைக்கப்படும் விற்பனைக் கருவி அதை ஸ்கேன் செய்து பில் போட்டது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டத்துடன் கைரேகைச் சரிபார்ப்பு வந்தது. 2025இல் மின்னணுத் தராசை ப்ளூடூத் வழியாக பி.ஓ.எஸ். கருவியுடன் இணைக்கும் முறை படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. அதுவரை விற்பனையாளர் தட்டச்சு செய்த எடையை ஏற்ற கருவி, இப்போது தராசு அனுப்பும் எடை பொருந்தினால்தான் பில் போடும். அதே ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வீட்டிற்கே இந்தத் தராசையும் கருவியையும் கொண்டுபோய்ப் பொருள் வழங்கும் பணியும் சேர்ந்தது. இவற்றுள் மிக நெருங்கி நோக்கத் தக்கது தராசு இணைப்பு. மறுப்புக்குரிய கருத்தின் பலவீனம் அனைத்தும் அங்கேதான் ஒன்றாகக் கூடுகிறது.

விழிப்புணர்வு இல்லாமையே எதிர்ப்புக்குக் காரணம் என்ற வாதத்தை எடுத்துக்கொள்ளலாம். எடைக் குறைவு என்றால் என்ன, அது எங்கே நிகழ்கிறது என்பதை விற்பனையாளரைவிட நன்கு அறிந்தவர் அமைப்பில் வேறு எவரும் இல்லை. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கில் ஏற்றப்படும் அரிசி மூட்டை, லாரியில் வந்து, சுமைதூக்குவோர் கைமாறி, கடையில் இறங்குகிறது. கணக்கில் அது 50 கிலோ. கடைக்கு வரும் மூட்டையில் அந்த எடை இருப்பதில்லை, கிடங்கிலேயே எடை போட்டுத் தர வேண்டும் என்பது ஊழியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் வைத்துவரும் கோரிக்கை. சணல் சாக்கின் எடையே அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும் என்பதால், சாக்குடன் சேர்த்து 50 கிலோ நின்றாலே அரிசி குறைவுதான். கொக்கி குத்திய ஓட்டை, எலிக்கடி, தரையில் சிந்தி மண்ணோடு போவது ஆகியவை இதற்கு மேல் வரும். இவ்வளவும் அறிந்த ஒருவரை வகுப்பில் அமரவைத்து, "நுகர்வோருக்குச் சரியான எடை கிடைக்க வேண்டும், அதற்காகவே இந்த மாற்றம்" என்று விளக்கினால், அவர் அறியாத எதையும் அவ்விளக்கம் சொல்வதில்லை. அவர் நன்கு அறிந்த மறுபாதியை விட்டுவிடுகிறது என்பதே அவர் காதில் விழுகிறது. செய்தியைச் சொல்பவரின் நம்பகத்தன்மை விழிப்புணர்வைத் தீர்மானிக்கும் என்று ஹையட்டே எழுதியுள்ளார். அந்த வரியைப் பயிற்சி நடத்துவோர் பெரும்பாலும் கடந்துபோய்விடுகின்றனர்.

விருப்பம் என்ற இரண்டாம் படியைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஒரு கடைக்கு 500 அட்டைகள் என்றும், அட்டை ஒன்றுக்குச் சராசரியாக 16 கிலோ அரிசி என்றும் கொண்டால், மாதத்திற்கு 8,000 கிலோ, அதாவது 160 மூட்டைகள் வேண்டும். மூட்டைக்கு ஒரு கிலோ மட்டுமே குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும் 160 கிலோ கடைக்கு வரவே இல்லை. ஆனால் இருப்புக் கணக்கில் வந்ததாக ஏறிவிட்டது. பழைய முறையில் அந்த 160 கிலோ 500 அட்டைகளின் மேல் பரவியது: அட்டைக்கு 320 கிராம். இது தவறு என்பதில் ஐயமில்லை. குறைந்தது ஏழையின் பையில்தான். ஆயினும், அந்தத் தவறு விற்பனையாளரின் பேராசையால் விளைந்த பங்கையும், கிடங்கிலிருந்தே குறைந்துவந்த பங்கையும் ஒன்றாகக் கலந்து மறைத்துவைத்திருந்தது. தராசை இணைத்த பிறகு, வெளியே போகும் ஒவ்வொரு பையும் முழு எடையுடன் போகிறது. உள்ளே வரும் மூட்டை மட்டும் பழையபடியே வருமானால், மாதக் கடைசியில் 160 கிலோ இல்லாத அரிசி கணக்கில் நிற்கும். ஆய்வுக்கு வரும் அலுவலர் அதை இருப்புக் குறைவு என்று எழுதுவார். தொகை விற்பனையாளரிடமிருந்து வசூலாகும். இந்த நிலையில் அவருடைய விருப்பத்திற்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண் இட்டு, ஊக்கப்படுத்தும் உரை ஒன்றைப் பரிந்துரைப்பது, கணக்குத் தெரிந்த ஒருவரிடம் கணக்கை மறக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். இங்கே விருப்பமின்மை என்பது நோய் அன்று. அமைப்பில் எங்கே குறை இருக்கிறது என்பதைச் சரியாகக் காட்டும் அளவீடு.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும், அது வலுவானதுதான். எதிர்ப்போரில் உண்மையிலேயே அரிசியைக் கடத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களும் மூட்டைக் குறைவையே சாக்காகக் கூறுவார்கள் அல்லவா என்று கேட்கலாம். கூறுவார்கள். ஆனால் அவர்களை நேர்மையானவர்களிடமிருந்து பிரித்தறிய ஒரே வழி, மூட்டையை இறக்கும் இடத்திலும் அதே வகைத் தராசை வைப்பதுதான். உள்ளே வந்த எடையும் வெளியே போன எடையும் ஒரே கருவியில் பதிவானால், இடையில் காணாமற்போனதற்கு விற்பனையாளர் தவிர வேறு யாரும் பொறுப்பாக முடியாது. அப்போது அபராதமும் நியாயமாகும். கடைமுனையில் மட்டும் தராசை இணைத்துவிட்டுக் கிடங்குமுனையைப் பழைய நம்பிக்கைக்கே விட்டுவைக்கும் வரை, கள்ளரும் நல்லவரும் ஒரே சொற்களால் புகார் செய்துகொண்டிருப்பார்கள், கேட்பவருக்கும் வேறுபாடு தெரியாது.

அறிவையும் திறனையும் தனித்தனிப் படிகளாகப் பிரித்தது அந்த வாய்ப்பாட்டின் மிகச் சிறந்த பகுதி என்பதை மறுப்பவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்திருப்பது வேறு, செய்ய முடிவது வேறு. ஆயினும் நடைமுறையில் திறன் என்பது ஊழியரின் உடலுக்கும் கைப்பழக்கத்திற்கும் உள்ளே இருப்பதாகவே கருதப்பட்டு, மேலும் ஒரு நாள் பயிற்சி என்பதே மருந்தாகிறது. பி.ஓ.எஸ். கருவியை இயக்கக் கற்பதற்கு அரை நாளுக்கு மேல் தேவைப்படாது. அட்டையை ஸ்கேன் செய்வது, பொருளைத் தேர்வது, விரலை வைக்கச் சொல்வது, பில்லைக் கிழித்துக் கொடுப்பது என்ற அளவில் அது ஒரு கைபேசியை விடக் கடினமானதன்று. திறன் தடுமாறும் இடம் கடைக்காரரின் கையில் இல்லை. எதிரே நிற்பவரின் விரலில் இருக்கிறது.

உத்தரகோசமங்கை என்ற பெயரைக் கேட்டதும் மங்களநாதர் கோயிலும், ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருந்து ஆருத்ரா தரிசனத்தையொட்டிக் காப்புக் களையப்படும் மரகத நடராசரும் நினைவுக்கு வருவது இயல்பு. கோயிலைத் தாண்டினால் அது வானம் பார்த்த பூமி. நெல்லும் மிளகாயும் மழையை நம்பி விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதே பலருக்குப் பிழைப்பு. அங்கிருந்து தெற்கே கடற்கரையை நோக்கிச் சென்றால் பனையேறிகள், வாலிநோக்கத்து உப்பளத் தொழிலாளர்கள், வலை இழுப்போர், பாசி எடுக்கக் கடலில் மூழ்கும் பெண்கள். இத்தொழில்கள் அனைத்திற்கும் பொதுவான ஒன்று உண்டு: இவை விரல் நுனியின் வரிகளைத் தேய்த்துவிடும். வெட்டுக்காயமும், உப்பு அரித்த தோலும், கரி படிந்த மடிப்பும், வயது முதிர்ந்தபின் சுருங்கிய தோலும் கைரேகைக் கருவிக்கு ஒன்றுதான். அது 'பொருந்தவில்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்லும். முதல் விரல், அடுத்த விரல், மறு கை, துணியால் துடைத்து மீண்டும் ஒரு முறை என்று அந்தச் சில நிமிடங்கள் கழிவதைக் கடை வாசலில் நிற்கும் வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். கைபேசிக்கு வரும் கடவு எண், கருவிழிப் பதிவு, நடக்க இயலாதவர் தம் சார்பில் ஒருவரை நியமிக்கும் படிவம் என்று மாற்று வழிகள் உள்ளன. ஆனால் கடவு எண் வருவதற்கு ஆதாருடன் இணைந்த எண் இன்னும் கையில் இருக்க வேண்டும், சிக்னலும் இருக்க வேண்டும்.

இந்த ஊர்களில் ஒரு விற்பனையாளரே இரண்டு, மூன்று இடங்களைப் பார்த்துக்கொள்ளும் பகுதிநேரக் கடைகள் இருப்பதால், இழப்பு நிமிடத்தில் நிற்பதில்லை. 150 அட்டைகளுக்கு மாதம் நான்கு நாள் மட்டும் திறக்கும் கடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 பேர் வருவார்கள் எனலாம். ஒருவருக்கு 4 நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரத்தில் வேலை முடியும். விரலும் சிக்னலும் தடுமாறி 8 நிமிடம் ஆனால் ஐந்து மணி நேரம். இடையே சர்வர் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டால் மீதிப் பேர் அடுத்த வாரம் வர வேண்டும், அதற்காக ஒரு நாள் கூலியை மீண்டும் விட வேண்டும். கோபம் சர்வரின் மீது பாயாது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. கருவிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மீதுதான் பாயும்.

குறை எங்கே என்று கண்டறிய ஐயத்திற்கு இடமில்லாத ஒரு சோதனை உண்டு. இரண்டு கடைகளைப் பார்க்கும் ஒரே விற்பனையாளரின் கணக்கை எடுத்து, பில் ஒன்றுக்கு ஆகும் நேரத்தையும் தோல்வியுற்ற கைரேகை முயற்சிகளையும் கடைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் போதும். கருவியே நேரத்தைப் பதிவதால் இதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. அதே ஆள், அதே பயிற்சி, அதே மனம் ஓர் ஊரில் விரைவாகவும் அடுத்த ஊரில் தவித்தும் வேலை செய்தால், தடைப்படி அவருக்குள் இல்லை. இரண்டு ஊரிலும் அவர் ஒரே மாதிரி பின்தங்கி, பக்கத்துக் கடைக்காரர் அதே நிலைமையில் விரைவாக முடித்தால், அப்போது பயிற்சியைப் பற்றிப் பேசலாம். மதிப்பெண் படிவத்தை ஊழியரிடம் நீட்டும் எவரும் இந்த ஒப்பீட்டை முதலில் செய்வதில்லை என்பதுதான் வியப்பு.

வலுவூட்டல் பற்றிய பிழை இவற்றைவிடப் பெரியது. ஏனெனில் அது வரிசையிலேயே பிழை. மாற்றம் நடந்து முடிந்த பிறகு கடைசியாகச் சேர்க்கப்படும் பூச்சாக அது எண்ணப்படுகிறது: பாராட்டுக் கடிதம், ஆய்வு, தவறினால் தண்டம். உண்மையில் எது கணக்கெடுக்கப்படும், எதற்கு யார் பணம் கட்ட வேண்டும் என்ற விதி முதல் நாளிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஊழியர் மற்ற நான்கு படிகளிலும் எப்படி நடந்துகொள்வார் என்பதை அதுவே முடிவு செய்கிறது. ஜார்க்கண்டில் நடந்தது இதற்குச் சான்று. கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகியோர் அம்மாநிலத்தில் நடத்திய ஆய்வின்படி, கைரேகைச் சரிபார்ப்பு மட்டும் வந்தபோது கசிவு குறையவில்லை. உரியவர்களுக்கு அலைச்சல்தான் கூடியது, ஆதார் இணைக்காதவர்களில் சிலர் பொருளை இழந்தனர். பிறகு 2017 ஜூலையில், கருவியில் பதிவான விற்பனையைக் கழித்து மீதி கடையில் இருக்க வேண்டும் என்று கொண்டு, அதற்கேற்பப் புதிய ஒதுக்கீட்டைக் குறைக்கும் சமன்செய்தல் விதி வந்தது. அப்போதுதான் கசிவு குறைந்தது. கூடவே உரிய பயனாளிகள் பெறும் பொருளும் கணிசமாகக் குறைந்தது. கணக்கில் இருந்து கையில் இல்லாத பழைய இருப்புக்குக் கடைக்காரர்கள் பொறுப்பாக்கப்பட்டனர், அந்தச் சுமையின் ஒரு பகுதி வரிசையில் நிற்பவர்களின் மேல் இறங்கியது. கடைக்காரர்களுக்குப் பயிற்சி போதாமல் இது நிகழவில்லை. விதி மாறிய மாதத்திலேயே நடத்தை மாறியது. அவர்களின் உள்ளத்தை யாரும் பக்குவப்படுத்திக்கொண்டிருக்கவில்லை.

ஹையட்டின் ஆதரவாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். திறனைப் பாதிக்கும் காரணிகளில் நேரத்தையும் வளங்களையும் அவர் சேர்த்திருக்கிறார். வலுவூட்டலுக்குத் தீய விளைவுகள் இல்லாமை ஒரு நிபந்தனை என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே பழி வாய்ப்பாட்டின் மீது அன்று, அதைத் தவறாகப் பயன்படுத்துவோர் மீது என்பார்கள். பாதி உண்மை. நூலில் அவை இருக்கின்றன. ஆனால் அளக்கும் அலகு தனிமனிதர் என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிட்ட ஒரு முறை, கிடங்கின் தராசையும் அலைபேசிக் கோபுரத்தையும் தேய்ந்த விரலையும் அந்தத் தனிமனிதரின் மதிப்பெண்ணாகவே பதிவுசெய்ய முடியும். 'திறன்: 2' என்று எழுதப்பட்ட படிவத்தைப் படிக்கும் மேலதிகாரிக்கு, அந்த இரண்டு யாருடைய இரண்டு என்று தெரிய வழியில்லை. மேலும், விருப்பம் 3 அல்லது அதற்குக் கீழே இருக்கும்போது அடுத்த படிக்குப் போகாதே என்ற விதி, விருப்பத்தை உண்டாக்கக்கூடிய ஒரே செயலான அமைப்புச் சீரமைப்பைத் தள்ளிவைக்கவும் இடம் தருகிறது.

ஊழியரைத் தயார்ப்படுத்துவது வேண்டாம் என்பது இதன் பொருளன்று. எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதே வழக்கு. தராசு இணைப்பைப் பொறுத்தவரை, கணக்கு விதியே முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்: இறக்கும்போது எடைபோட்டு, சாக்கைக் கழித்த நிகர எடையை இருப்பாக ஏற்றுவது, கையாள்வதில் சிந்தும் அளவுக்கு எழுத்தில் ஒரு வரம்பு வைப்பது, பழைய இருப்புக் குறைவை இணைப்புக்கு முந்தைய நாளில் தனியே எழுதி மூடுவது. ஒன்றிய அரசு 2021இல் 2015ஆம் ஆண்டின் விதிகளைத் திருத்தியபோது, பி.ஓ.எஸ். கருவிக்காகக் குவிண்டாலுக்கு அப்போது வழங்கிய 17 ரூபாயில் மீதமாவதைத் தராசு வாங்கவும் இணைக்கவும் மாநிலங்கள் பயன்படுத்தலாம் என்றது. அந்தச் சிந்தனை கடைமுனைத் தராசோடு நின்றுவிட்டதுதான் குறை. விதி சரியான பிறகு இரண்டாவது வேலை, கைரேகை தோற்கும்போது விற்பனையாளர் யாரையும் கேட்காமல் தாமே எடுக்கக்கூடிய அடுத்த வழி எது, எத்தனை முயற்சிக்குப் பிறகு என்று எழுதிவைப்பது. கருவியைக் கற்பிப்பதற்கு அதன் பின் ஒரு பிற்பகல் போதும். ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கத்திற்கு அதைவிடக் குறைவான நேரமே ஆகும். இறக்கும் இடத்தில் தராசு நிற்பதைக் கண்ட விற்பனையாளருக்கு அதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

முன்னோட்டத்திற்குக் கடைகளைத் தெரிவு செய்யும் வழக்கமும் இதோடு மாற வேண்டும். புதிய முறையைச் சோதிக்க மாவட்டத் தலைநகரில், கோபுரத்திற்கு அருகில், முழுநேரக் கடை ஒன்றைத் தேர்ந்து, அங்கே வெற்றி என்று அறிவித்துவிட்டு, பிற கடைகளில் தடுமாற்றம் வந்தால் அதை மனநிலை என்று வகைப்படுத்துவது எளிது. பொங்கல் பரிசு வழங்கும் சனவரி மாதத்தில், கரிமூட்டத்திலும் உப்பளத்திலும் வேலை செய்யும் குடும்பங்கள் மிகுந்த ஒரு பகுதிநேரக் கடையில் அது நிற்கிறதா என்று முதலில் பார்த்தால், எந்த மூட்டை குறைந்து வந்தது, எத்தனை விரல் தோற்றது, எத்தனை பேர் மறுமுறை திரும்பி வந்தார்கள் என்ற மூன்று கணக்கும் ஒரே மாதத்தில் கைக்கு வந்துவிடும்; விற்பனையாளரிடம் ஐந்துக்கு எத்தனை என்று கேட்கும் படிவம் அதுவரை அலமாரியிலேயே இருக்கலாம்.